மகளுக்கு அனுப்பிய பணத்தில் பிடித்த டிசிஎஸ் எங்கே போனது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். மகள் ஆஸ்திரேலியாவில் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வருடம் ஆகஸ்டில் ஃபீஸுக்காக 18 லட்சம் அனுப்பினேன். வங்கியில் 40,000 ரூபாய் டிசிஎஸ் என்று தனியாகப் பிடித்தார்கள். இந்த ஜனவரியில் அவளுடைய தங்கும் செலவுக்கு 4 லட்சம் அனுப்பினேன், அதற்கு 80,000 பிடித்துவிட்டார்கள். பெரிய தொகைக்குக் கம்மி, சின்னத் தொகைக்கு ஜாஸ்தி, இது என்ன கணக்கு? நவம்பரில் நானும் மனைவியும் சிங்கப்பூர், மலேசியா பேக்கேஜில் போய்வந்தோம். 3,20,000 ரூபாய். மனைவியின் டெபாசிட் முதிர்ந்த பணத்தில் அவளே கட்டினாள். அதற்கும் மேலே 16,000 வாங்கினார்கள். ஏப்ரலில், என் பேரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26AS படிவத்தை எடுத்துப் பார்த்தால் அந்த 40,000 மட்டும்தான் இருக்கிறது. மீதி 96,000 எங்கே போனது? நானே கணக்குப் போட்டதில் இன்னும் 5,460 ரூபாய் வரி பாக்கி வருகிறது. கட்டிவிடலாமா?

பதில்: சார், அந்த 5,460 ரூபாய்க்குச் சலான் போடாதீர்கள். நீங்கள் அரசுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை. அரசுதான் உங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிசிஎஸ் என்று பிடித்ததை வங்கிக் கட்டணம் என்றோ, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கான தனி வரி என்றோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கிறார்கள் அல்லவா, அதே ஜாதிதான் இதுவும். அது உங்களுக்குப் பணம் வரும்போது பிடிப்பது, இது நீங்கள் பணம் கொடுக்கும்போது வாங்குவது. இரண்டும் உங்கள் பான் எண்ணின் பேரில் முன்பணமாகப் போய் உட்காருகின்றன. வருடக் கடைசியில் உங்கள் வரி எவ்வளவோ அதற்கு ஈடு செய்துகொண்டு, மிச்சத்தைத் திருப்பி வாங்கலாம். ஆனால் ரிட்டர்னில் நீங்கள் கேட்டால்தான் வரும், தானாக வராது.

இப்போது 40,000, 80,000 விஷயம். 2025-26 நிதியாண்டில், அதாவது நீங்கள் பணம் அனுப்பிய வருடத்தில், ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் முதல் 10 லட்சத்துக்கு டிசிஎஸ் கிடையாது. அதற்கு முந்தைய வருடம் வரை இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. இது ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி வரம்பு அல்ல. ஒரு பான் எண்ணுக்கு, ஒரு நிதியாண்டுக்கு, எந்த வங்கி வழியாக எந்தக் காரணத்துக்கு அனுப்பினாலும் எல்லாம் சேர்த்து 10 லட்சம்தான். ஆகஸ்டில் அனுப்பிய 18 லட்சத்தில் முதல் 10 லட்சம் இந்த வரம்பைத் தின்றுவிட்டது. மீதி 8 லட்சத்துக்கு, கல்விச் செலவு என்பதால் 5 சதவீதம், 40,000. இது சரியாகப் பிடித்ததுதான்.

ஜனவரியில் அனுப்பும்போது வரம்பில் ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. அதனால் 4 லட்சத்துக்கும் முழுசாக டிசிஎஸ் உண்டு. கல்விக்கான 5 சதவீதம் போட்டிருந்தால் 20,000 வந்திருக்கும். ஆனால் 80,000 பிடித்திருக்கிறார்கள் என்றால் அது 20 சதவீதம். கல்வி, மருத்துவம் தவிர்த்த மற்ற காரணங்களுக்கான விகிதம் அது. ஆக, அந்த 4 லட்சம் வங்கிப் பதிவில் கல்விச் செலவாக ஏறவில்லை.

எங்கே தவறியிருக்கும் என்று பார்க்க உங்கள் A2 படிவத்தின் நகலை எடுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டது அதில்தான். அதில் "Purpose Code" என்று ஒரு கட்டம் இருக்கும். ஆகஸ்ட் படிவத்தில் S0305 என்று இருக்க வேண்டும். வெளிநாட்டில் படிப்பு, ஃபீஸ், விடுதிச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்த குறியீடு அது. ஜனவரி படிவத்தில் அநேகமாக S1301 இருக்கும். அது குடும்பப் பராமரிப்புக்கு அனுப்பும் பணம்.

கவுன்ட்டரில் நடப்பதை நான் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "எதுக்கு சார் அனுப்புதீங்க?" என்று கேட்பார்கள். "மக செலவுக்கு" என்று நாம் சொல்வோம். படிப்பு என்ற சொல்லே அந்தப் பதிலில் வராது. மகள், செலவு என்று கேட்டதும் அவர் பட்டியலில் குடும்பப் பராமரிப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் அந்த ஒரு கட்டத்தில் 60,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடுகிறது.

மகளின் சாப்பாடு, வாடகை எல்லாம் கல்விச் செலவில் சேருமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். சேரும். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 அன்று வெளியிட்ட 10ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. படிக்கப் போகிறவரின் பயணச்சீட்டு, கல்லூரிக்குக் கட்டும் ஃபீஸ், அந்தப் படிப்புக்குத் தேவையான அன்றாடச் செலவு, மூன்றுமே கல்விக்கான பணம்தான். வங்கியில் தயங்கினால் இந்தச் சுற்றறிக்கையின் எண்ணைச் சொல்லுங்கள், கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தையும் காட்டுங்கள்.

சரி, இப்போது போய் அந்த 60,000 ரூபாயை வங்கியிடம் திருப்பிக் கேட்கலாமா? கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். வங்கி அந்தப் பணத்தைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை. உங்கள் பான் எண்ணின் பேரில் அரசுக்குக் கட்டி, கணக்கும் கொடுத்திருக்கும். 5 சதவீதமோ 20 சதவீதமோ, பிடித்த தொகை முழுவதும் உங்கள் வரிக் கணக்கில்தான் இருக்கிறது. ரிட்டர்னில் முழுசாகக் கேட்டு வாங்கிவிடலாம். தவறான குறியீட்டால் உங்களுக்குப் போனது பணம் இல்லை, காலம். ஜனவரியிலிருந்து ரீஃபண்ட் வரும் நாள் வரை 60,000 ரூபாய் வேறு எதற்கும் உதவாமல் முடங்கிக் கிடக்கிறது. மகளுக்கு மாதாமாதம் அனுப்புகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, காணாமல் போன 96,000. அதில் 80,000க்கு ஒரு காரணம், 16,000க்கு வேறு காரணம். 

வங்கி டிசிஎஸ் பிடித்த அன்றே அது உங்கள் 26ASஇல் ஏறாது. பிடித்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துறைக்குக் கணக்குக் கொடுப்பார்கள். 27EQ என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கு ஏறிய பிறகுதான் உங்கள் பக்கத்தில் தெரியும். ஆகஸ்டில் பிடித்ததற்குக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. அதனால் ஏப்ரலில் நீங்கள் பார்த்தபோது அந்த 40,000 இருந்தது. ஜனவரியில் பிடித்தது ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டில் வருகிறது. அதற்குக் கடைசி நாள் மே 15. ஏப்ரலில் நீங்கள் தேடியபோது வங்கி அநேகமாக இன்னும் கணக்கே கொடுத்திருக்காது. இப்போது மே தாண்டிவிட்டது. மறுபடி எடுத்துப் பாருங்கள், 80,000 வந்திருக்க வேண்டும்.

பார்க்கும் வழி இது. வருமான வரி இணையதளத்தில் உள்ளே போய், "e-File" என்பதில் "Income Tax Returns", அதற்குள் "View Form 26AS" என்பதைத் தட்டுங்கள். அது வேறொரு தளத்துக்குக் கூட்டிப்போகும். அங்கே வருடம் கேட்கும்போதுதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கேட்பது மதிப்பீட்டு ஆண்டு. பணம் அனுப்பியது 2025-26 என்றால் தேர்ந்தெடுக்க வேண்டியது 2026-27. பழைய வருடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "ஒண்ணுமே இல்லையே" என்று என் அலுவலகத்துக்கு ஓடி வந்தவர்கள் உண்டு.

பக்கம் திறந்ததும் கீழே இறங்கி "Details of Tax Collected at Source" என்ற பகுதிக்குப் போங்கள். வங்கியின் பெயரும், வரி பிடிக்கிறவர்களுக்குத் துறை கொடுக்கும் டான் எண்ணும் இருக்கும். அந்தப் பெயரை விரித்தால் தேதி வாரியாக வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் நீங்கள் அனுப்பிய தொகை, பிடித்த தொகை, அரசுக்குக் கட்டிய தொகை என்று இருக்கும். "Status of Booking" என்ற கட்டத்தில் F என்று இருந்தால் பிடித்த பணமும் வங்கி கட்டிய பணமும் ஒத்துப்போய்விட்டன என்று அர்த்தம். U என்றால் ஒத்துப்போகவில்லை, வங்கி கட்டிய சலான் விவரத்தில் ஏதோ தவறு. அந்த நிலையில் ரிட்டர்ன் போட்டால் சிக்கல் வரும்.

இந்தப் பக்கத்தைப் பார்க்காமல், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை மட்டும் வைத்து ரிட்டர்ன் போடக்கூடாது என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்லக் காரணம் உண்டு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் ஒருவர், மகனுக்கு அனுப்பிய பணத்தில் பிடித்த டிசிஎஸ்ஸைப் பாஸ்புக்கைப் பார்த்து எழுதி, அவராகவே ரிட்டர்ன் அனுப்பிவிட்டார். சில மாதம் கழித்து பெங்களூரிலுள்ள வருமான வரித் துறை மையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ரீஃபண்ட் இல்லை, மேற்கொண்டு வரி கட்டு என்று. விசாரித்தால், அந்த வங்கிக் கணக்கு அவரும் அவருடைய அண்ணாச்சியும் சேர்ந்து வைத்திருந்தது. வங்கியில் அண்ணாச்சியின் பான் எண்ணைப் போட்டு டிசிஎஸ் கட்டியிருந்தார்கள். வங்கியிடம் எழுதிக் கொடுத்து, அவர்கள் திருத்தக் கணக்கு அனுப்பி, பிறகு நாங்கள் ரிட்டர்னைத் திருத்தக் கேட்டு, பணம் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உங்களுக்கு 80,000 இன்னும் ஏறவில்லை என்றால் வங்கிக் கிளையில் 27D சான்றிதழ் கேளுங்கள். டிசிஎஸ் பிடித்ததற்கான சான்று அது. கடைசிக் காலாண்டுக்கு மே 30க்குள் கொடுத்திருக்க வேண்டியது. அதில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பான் எண். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பணம் வேறு எங்கோ போய் நிற்கும். தவறு இருந்தால் வங்கிதான் தன் கணக்கைத் திருத்தி அனுப்ப வேண்டும், நீங்கள் ரிட்டர்னில் எழுதிச் சரிசெய்ய முடியாது. வாயால் சொல்லிவிட்டு வராமல் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த 16,000. அது உங்கள் 26ASஇல் எந்த மாதம் தேடினாலும் வராது, ஏனென்றால் அது உங்கள் மனைவியின் கணக்கில் இருக்கிறது. பணத்தைக் கட்டியவர் அவர், டிராவல்ஸில் பான் கொடுத்தவரும் அநேகமாக அவரே. பேக்கேஜில் இரண்டு பேர் போனீர்கள் என்பதால் பாதி பாதியாகப் பிரியாது. யார் பான் எண்ணில் வாங்கினார்களோ முழுத் தொகையும் அவருக்குத்தான். மனைவி பெயரில் பிடித்ததைக் கணவர் தன் ரிட்டர்னில் கேட்கவும் முடியாது. அவருடைய பான் எண்ணில் உள்ளே போய் 26AS பாருங்கள், நவம்பர் மாதக் கணக்கு எப்போதோ ஏறியிருக்கும்.

சுற்றுலாப் பேக்கேஜுக்கு விதி கொஞ்சம் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு அந்த 10 லட்ச விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20. உங்கள் 3,20,000க்கு 16,000 என்பது சரியான கணக்குதான். விமான டிக்கெட், ஓட்டல், இது போன்ற மற்ற செலவு, இவற்றில் குறைந்தது இரண்டையாவது சேர்த்து விற்றால்தான் அது பேக்கேஜ். வெறும் டிக்கெட் மட்டும் எடுத்திருந்தால் இந்த டிசிஎஸ் வந்திருக்காது.

மனைவிக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை, ரிட்டர்ன் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போட்டே ஆக வேண்டும், இரண்டு காரணங்களுக்காக. ரிட்டர்ன் போடாமல் 16,000 திரும்பாது என்பது ஒன்று. இன்னொன்று, வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், தனக்காகவோ வேறொருவருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தவர் ரிட்டர்ன் போடுவது சட்டப்படி கட்டாயம். 3,20,000 அவர் பணம், அவர் கட்டியது. ITR-1 என்ற ரிட்டர்ன் படிவத்தை நிரப்பும்போது இது பற்றி நேரடியாகவே ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று சொல்லி, தொகையை எழுதுங்கள். டெபாசிட் வட்டியைச் சில ஆயிரமாக இருந்தாலும் வருமானமாகக் காட்டுங்கள். வரி பூஜ்யம் என்று வரும், 16,000 முழுதும் ரீஃபண்ட்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரீஃபண்ட் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இணையதளத்தில் "My Bank Account" என்ற இடத்தில் அந்தக் கணக்கைச் சேர்த்து, சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். பாஸ்புக்கில் ஒரு பெயர், பான் அட்டையில் வேறு மாதிரி என்றால் இந்த இடத்தில் நின்றுவிடும். நம் ஊரில் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு கணவர் பெயரின் முதலெழுத்து என்று மாறுவதால் இது நிறையவே நடக்கிறது. ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. சம்பளம், வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வருடச் சம்பளம் 14,40,000, வங்கி வட்டி 35,000 என்று வைத்தால் நீங்கள் சொல்லும் 5,460 பாக்கி வருகிறது, அதனால் உதாரணத்துக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக, வட்டியையும் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் சரியாக 14 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 2 லட்சத்துக்கு 15 சதவீதம், 30,000. மொத்தம் 90,000, அதன் மேல் செஸ் 4 சதவீதம் 3,600. ஆக வரி 93,600.

அப்படியானால் சம்பளத்தில் பிடித்தது 88,140. நீங்கள் இதை மட்டும் கழித்துவிட்டு 5,460 பாக்கி என்று சொல்கிறீர்கள். வங்கி வட்டியைச் சம்பளம் போடுகிறவர்கள் கணக்கில் சேர்க்காததால் வந்த வித்தியாசம் அது. ஆனால் அதே வரிக்கு எதிராக வங்கி பிடித்த 1,20,000 உங்கள் பேரில் இருக்கிறதே. 5,460ஐ அதிலிருந்து ஈடு செய்துகொள்ளலாம். மீதி 1,14,540 ரூபாய் உங்களுக்கு ரீஃபண்ட்.

ரிட்டர்ன் படிவத்தில் இதை எழுதும் இடம் "Schedule TCS". சம்பளம், வங்கி வட்டி மட்டும் என்பதால் உங்களுக்கும் ITR-1 போதும். மகளின் ஆஸ்திரேலியக் கணக்கில் நீங்களும் கூட்டாகப் பெயர் சேர்த்திருந்தால் மட்டும் ITR-1 கூடாது. வெளிநாட்டுச் சொத்து விவரம் கேட்கும் ITR-2 போட வேண்டும், இதை மறைத்தால் அபராதம் பெரிது. டிசிஎஸ் விவரங்கள் பெரும்பாலும் தானாகவே நிரப்பப்பட்டு வரும். ஆனால் நீங்கள் ஏப்ரலிலேயே ரிட்டர்னைத் தொடங்கி, பாதியில் சேமித்து வைத்திருந்தால் அந்த வரைவில் பழைய 40,000 மட்டும் நிற்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வங்கியின் டான், தொகை, "TCS Credit claimed this Year" என்ற கட்டம், மூன்றையும் 26ASஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் மேலே 1,20,000 தெரிந்தாலும் கணக்கில் சேராது.

ஜூலை 31க்குள் அனுப்பிவிட்டால் ஏப்ரல் 1 முதல் ரீஃபண்ட் வரும் மாதம் வரை மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேர்த்துத் தருவார்கள். ஆகஸ்டில் வந்தால் ஐந்து மாதத்துக்குச் சுமார் 2,860 ரூபாய். அந்த வட்டி அடுத்த வருட வருமானத்தில் காட்ட வேண்டியது. தாமதமாகப் போட்டால் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான் வட்டி ஓடும், தாமதக் கட்டணமும் உண்டு. ஆனித் தேர் நிலையத்துக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் ஜூலைக் கடைசி வாரத்தில் பாளையங்கோட்டையில் என் அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 26AS சரியாக இருந்தால் இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.

வட்டி ஏப்ரலிலிருந்துதான் ஓடுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகஸ்டில் பிடித்த 40,000 மார்ச் வரை வட்டியில்லாமல் அரசிடம் இருந்தது. சம்பளக்காரருக்கு இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, பள்ளி ஆசிரியர்கள் பலருக்கும் தெரியவில்லை. 2024 அக்டோபர் முதல், இப்படிப் பிடித்த டிசிஎஸ்ஸை நீங்கள் சம்பளம் வாங்கும் அலுவலகத்தில் தெரிவித்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டும். 12BAA என்பது அதற்கான படிவம். மேலே போட்ட கணக்குப்படி உங்களுக்கு மாதம் 7,345 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். ஆகஸ்டில் வங்கி ரசீதோடு அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் அடுத்த ஐந்து மாதத்தில் சம்பளப் பிடித்தத்தில் 36,000 ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கும், ஆறாவது மாதத்தில் 40,000 முழுவதும் ஈடாகியிருக்கும். முடிந்துபோன வருடத்துக்கு இனி அது முடியாது, ரிட்டர்ன்தான் வழி.

மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறதே, அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, அதனால் மேலே சொன்ன படிவ எண்களை இந்த வருடத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அலுவலகத்தில் புது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விகிதமும் மாறியிருக்கிறது. பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தபடி கல்வி, மருத்துவத்துக்கு 5 சதவீதம் 2 ஆகக் குறைகிறது. சுற்றுலாப் பேக்கேஜுக்கும் தொகை எவ்வளவு என்றாலும் 2 சதவீதம்தான். குடும்பப் பராமரிப்பு போன்ற மற்றவற்றுக்கு அதே 20. ஆகவே அந்த ஒரு குறியீட்டில் தவறினால் இனி நான்கு மடங்கு இல்லை, பத்து மடங்கு வித்தியாசம். இதே 18 லட்சமும் 4 லட்சமும் இரண்டுமே S0305இல் போனால் 12 லட்சத்துக்கு 2 சதவீதம், 24,000 ரூபாயோடு முடிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 10 லட்ச வரம்பு ஆளுக்கு ஆள் தனி. மகளுக்கு அம்மாவும் அனுப்பலாம். அவருடைய பெயரிலுள்ள கணக்கிலிருந்து, அவருடைய பான் எண்ணில் 10 லட்சம் போனால் அதற்கு டிசிஎஸ் கிடையாது. உங்கள் பங்கு 12 லட்சம், அதில் 2 லட்சத்துக்கு மட்டும் 4,000 ரூபாய். கல்விக் கடன் வாங்கி, அந்தக் கடன் பணமே நேராகக் கல்லூரிக்குப் போனால் அதற்கும் டிசிஎஸ் இல்லை. ஆனால் பழைய சட்டத்தின் 80இ பிரிவில் சொன்ன வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்த கடனாக இருக்க வேண்டும். சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கி அனுப்பினால் அது இதில் வராது.

ஜூலையில் அடுத்த ஃபீஸ் அனுப்பப் போகும்போது கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், இந்தப் பருவத்துக்கான ஃபீஸ் பில், மகளின் விசா நகல், மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். இந்த வருடம் வேறு வங்கியில் அனுப்பியிருக்கிறீர்களா என்று உறுதிமொழி கேட்பார்கள், உண்மையை எழுதிக் கொடுங்கள். A2 படிவத்தை நிரப்பி நீட்டினால், கையெழுத்துக்கு முன் S0305 இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்குத் தனியாக அனுப்பும் மாதத்திலும் அதே குறியீடுதான், அதே கடிதத்தைத்தான் காட்ட வேண்டும்.